டிவியைச் சுவரில் மாட்டுவதற்கு முன்: மவுண்ட் வகை, வெசா துளை, எடை, சுவரின் பலம்

என் மச்சான் வீட்டில் 55 அங்குல டிவி ஒன்று நாலு வருஷம் ஒரே சுவரில் ஆடாமல் அசையாமல் இருந்தது. சுவரை ஒட்டியபடி நிற்கும் சாதாரண ஃபிக்ஸட் மவுண்ட். பிறகு சாப்பாட்டு மேசைப் பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, கை நீளும் சுழல் மவுண்டை வாங்கினார். மாட்ட வந்தவர் பழைய துளைகளில் இரண்டை அப்படியே பயன்படுத்திக்கொண்டார். அதே டிவி, அதே சுவர், ஏறக்குறைய அதே ஸ்க்ரூ. ஆறாவது வாரம் மவுண்டின் மேல்விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கோடு போல இடைவெளி தெரிந்தது. அதில் ஒரு தாளை நுழைத்துப் பார்த்தேன், தடையே இல்லாமல் உள்ளே போனது. அன்றைக்கே டிவியை இறக்கிவிட்டோம். மேலே இருந்த இரண்டு ஸ்க்ரூவும் துளைக்குள் இருந்த பிளாஸ்டிக் பிளக்கோடு சேர்ந்து கையால் இழுத்தாலே வந்துவிட்டன.

டிவியின் எடை ஒரு கிராம்கூடக் கூடவில்லை. மாறியது ஒன்றுதான், அந்த எடை சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் தொங்குகிறது என்பது. மவுண்ட் வாங்கும்போது பலரும் "இத்தனை கிலோ தாங்குமா" என்று மட்டும் கேட்கிறார்கள். அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் கிலோ அந்த இரும்பு எவ்வளவு தாங்கும் என்றுதான் சொல்கிறது. உங்கள் சுவர் எவ்வளவு தாங்கும் என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

முதலில் இந்தக் கணக்கு

கதவைத் தாழ்ப்பாள் பக்கம் தள்ளினால் எளிதாகத் திறக்கிறது, கீல் பக்கம் தள்ளினால் திறப்பதில்லை. அதே நெம்புகோல்தான் இங்கேயும் வேலை செய்கிறது. முன்னால் தொங்கும் டிவி, சுவர்த் தகட்டின் கீழ்விளிம்பைக் கீலாக வைத்துக்கொண்டு மேல் ஸ்க்ரூக்களைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கும்.

மச்சான் வீட்டு டிவி ஸ்டாண்ட் இல்லாமல் 16 கிலோ. ஃபிக்ஸட் மவுண்டில் டிவியின் எடைமையம் சுவரிலிருந்து சுமார் 6 செ.மீ. தள்ளி இருக்கும். 16-ஐ 6-ஆல் பெருக்கினால் 96. மேல் ஸ்க்ரூ வரிசை தகட்டின் கீழ்விளிம்பிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்றால், 96-ஐ 20-ஆல் வகுக்கிறோம். மேல் வரிசையை வெளியே இழுக்கும் விசை வெறும் 5 கிலோ அளவுதான். கீழ்நோக்கிய எடையை ஸ்க்ரூக்கள் சுலபமாகத் தாங்கிக்கொள்ளும், எனவே சுவரில் பிடிப்பு சுமாராக இருந்தும் அது வருஷக்கணக்கில் நின்றது.

இப்போது சுழல் மவுண்ட். கையை முழுக்க நீட்டினால் எடைமையம் 50 செ.மீ. தள்ளி வருகிறது. 16 பெருக்கல் 50, 800. மவுண்டின் கையே 4 கிலோ இருக்கும், அதன் எடை நடுவில் 25 செ.மீ. தூரத்தில் இருப்பதாகக் கொண்டால் இன்னொரு 100. மொத்தம் 900, அதை 20-ஆல் வகுத்தால் 45 கிலோ. ஐந்து கிலோவில் இருந்து நாற்பத்தைந்துக்குப் போய்விட்டது. நீட்டிய டிவியின் விளிம்பை ஒரு குழந்தை பிடித்துத் தொங்கி 10 கிலோ அழுத்தம் கொடுத்தால் இன்னொரு 25 சேரும். அது போக, ஒவ்வொரு தடவை இழுத்துத் திருப்பும்போதும் ஸ்க்ரூ ஒரு துளி அசைகிறது, துளை ஒரு துளி தேய்கிறது. அதனால்தான் மாட்டிய அன்றைக்கு விழாமல் ஆறு வாரம் கழித்துக் கழன்றது.

இந்தக் கணக்கைப் போட உங்களுக்கு மூன்று எண்கள் போதும்: டிவியின் எடை, கை நீட்டும் தூரம், தகட்டில் மேல் ஸ்க்ரூவுக்கும் கீழ்விளிம்புக்கும் உள்ள உயரம். மூன்றாவதைப் பொதுவாக யாரும் பார்ப்பதில்லை. தகடு உயரமாக இருக்க இருக்க இழுவை குறையும். கடையில் இரண்டு சுழல் மவுண்ட் ஒரே விலையில் இருந்தால், உயரமான, அகலமான சுவர்த்தகடு உள்ளதை எடுங்கள். ஒரே செங்குத்துக் கோட்டில் மட்டும் துளை உள்ள ஒல்லித் தகடு, டிவியைப் பக்கவாட்டில் திருப்பும்போது முறுக்கு முழுவதையும் அந்த ஒற்றை வரிசையின் மேல் போட்டுவிடும்.

மூன்று வகையில் எது

திருப்பிப் பார்க்கும் தேவை உண்மையில் இல்லையென்றால் சுழல் மவுண்ட் வேண்டாம். உட்காரும் இடம் டிவிக்கு நேரே இருந்து, டிவியின் நடுப்பகுதி கண்மட்டத்தில் வருமென்றால் ஃபிக்ஸட் போதும். ஒரு சிக்கலை மட்டும் முன்கூட்டியே பாருங்கள். பின்பக்கம் 2, 3 செ.மீ. இடைவெளிதான் இருக்கும். எச்டிஎம்ஐ சொருகும் இடம் பக்கவாட்டில் இல்லாமல் நேராகப் பின்னால் இருந்தால், கேபிளின் தலையே சுவரில் முட்டும்.

டிவியை உயரத்தில் மாட்டியே ஆக வேண்டும் என்ற நிலைமைக்கு டில்ட் மவுண்ட். டிவியின் மையம் தரையிலிருந்து 150 செ.மீ., உட்கார்ந்திருப்பவர் கண் 105 செ.மீ., நடுவே தூரம் 270 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 45 செ.மீ. உயர வித்தியாசத்துக்கு டிவி சுமார் 9 அல்லது 10 டிகிரி கீழே குனிந்தால் பார்வைக்கு நேராக வரும். சாதாரண டில்ட் மவுண்ட் 10 முதல் 15 டிகிரி வரை குனியும், ஆக இது சரியாகிவிடும். எதிர் ஜன்னல் வெளிச்சம் திரையில் கண்ணாடிபோல் தெரிகிற அறையிலும் இந்தச் சில டிகிரி பெரிய உதவி. சுவர்மேல் விழும் இழுவை ஃபிக்ஸட்டைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

சுழல் மவுண்டை எடுப்பவர்கள் ஏமாறும் ஓர் இடம் உண்டு. பெட்டியில் "90 டிகிரி திரும்பும்" என்று இருக்கும். 55 அங்குல டிவியின் அகலம் சுமார் 122 செ.மீ., பாதி 61. கை சுவரிலிருந்து 45 செ.மீ. மட்டும் நீளும் என்றால், டிவி ஏறக்குறைய 47 டிகிரி திரும்பியதுமே அதன் ஓரம் சுவரில் இடித்துவிடும். முழுக்க 90 டிகிரி வேண்டுமென்றால் டிவி அகலத்தில் பாதியைவிட நீளமான கை வேண்டும். கை நீண்டால் மேலே போட்ட கணக்கில் இழுவையும் ஏறும். எனவே எத்தனை டிகிரி உண்மையில் வேண்டும் என்று, டிவி அகலத்துக்கு ஓர் அட்டையை வெட்டி அறையில் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வெசா துளைகளை அளப்பது

டிவியின் பின்புறம் நான்கு துளைகள் இருக்கும். அவற்றின் இடைவெளிக்கான பொது அளவுமுறைதான் வெசா. டிவியை முகம் கீழாக, மெத்தைமேல் கெட்டியான போர்வை விரித்துப் படுக்கவையுங்கள். மெல்லிய திரைகள் நடுவில் அழுத்தம் பட்டால் உடைந்துவிடும், எனவே இரண்டு பேர் ஓரங்களைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

முதல் எண் கிடைமட்டம், இரண்டாவது செங்குத்து, இரண்டும் மில்லிமீட்டரில். 300 × 200 என்றால் பக்கவாட்டில் 300, மேலும் கீழும் 200. துளையின் மையத்திலிருந்து மையத்துக்கு அளக்க வேண்டும். மையத்தைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம் என்பதால், ஒரு துளையின் இடது ஓரத்திலிருந்து அடுத்த துளையின் இடது ஓரத்துக்கு அளந்துவிடுங்கள், விடை அதேதான். சின்னத் திரைகளில் 75 × 75, 100 × 100 இருக்கும். டிவிகளில் 200 × 200, 300 × 200, 400 × 400, இன்னும் பெரியவற்றில் 600 × 400 என்று போகும். நீங்கள் அளந்த எண் 298 என்று வந்தால் அது 300-தான். 260 என்று வந்தால் தவறான துளையை அளந்திருக்கிறீர்கள். ஸ்டாண்ட் மாட்டும் துளைகளும் மூடியை இறுக்கும் ஸ்க்ரூக்களும் பின்பக்கத்தில் இருக்கும், அவற்றோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மவுண்டில் "400 × 400 வரை" என்று இருந்தால் 300 × 200 பெரும்பாலும் அதில் பொருந்தும். ஆனால் அந்த அளவு அதன் பட்டியலில் பெயரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஸ்க்ரூவின் நீளம்: திரையைக் கொல்லும் இரண்டு மில்லிமீட்டர்

சுவரில் விழுந்து உடையும் டிவிகளைப் பற்றிப் பேசுகிறோம், ஆனால் நீளமான ஸ்க்ரூ உள்ளே போய் பேனலைக் குத்திக் கெட்டுப்போகும் டிவிகளும் உண்டு. வெளியே ஒரு கீறல்கூட இருக்காது, ஆன் செய்தால் திரையில் கறுப்புத் திட்டோ கோடோ தெரியும்.

சின்ன வெசா அளவுகளுக்கு எம்4, 200 × 200-க்கு மேல் பொதுவாக எம்6 அல்லது எம்8. குறுக்களவை டிவியோடு வந்த புத்தகத்தில் பாருங்கள். இல்லையென்றால் மவுண்டோடு வந்த பையில் இருந்து ஒன்றை எடுத்து விரலால் மட்டும் திருகுங்கள். சரியான மரை என்றால் மூன்று, நாலு சுற்று வழுக்கிக்கொண்டு போகும். முதல் சுற்றிலேயே இறுகினால் அது வேறு அளவு. ஸ்க்ரூடிரைவரால் வற்புறுத்தினால் டிவியின் மரை அழிந்துவிடும்.

நீளத்துக்கு ஒரு பழைய பேனா ரீஃபில் போதும். துளைக்குள் மெதுவாக விட்டு, அடியில் தட்டியதும் விளிம்பு மட்டத்தில் நகத்தால் பிடித்து வெளியே எடுத்து அளவுகோலில் வையுங்கள். எங்கள் டிவியில் 18 மி.மீ. வந்தது. மவுண்டின் தகடு 2 மி.மீ., வாஷர் 1.5 மி.மீ. 20 மி.மீ. ஸ்க்ரூ போட்டால் உள்ளே போவது 16.5. அடிக்குப் போக ஒன்றரை மில்லிமீட்டர் மிச்சம், பிடிப்பும் தாராளம். பையில் இருந்த 25 மி.மீ. ஸ்க்ரூவைப் போட்டிருந்தால் 21.5 போயிருக்கும், அடியைவிட 3.5 அதிகம். இந்த அளவை நான்கு துளையிலும் எடுங்கள், மேல் இரண்டும் கீழ் இரண்டும் ஒரே ஆழம் இல்லாத டிவிகள் உண்டு. துளை குழிக்குள் இருந்து தகடு அதைத் தொடவில்லையென்றால் பிளாஸ்டிக் ஸ்பேசர் வைத்து, அதன் உயரத்தையும் ஸ்க்ரூ நீளத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். எம்6 ஸ்க்ரூ குறைந்தது 7, 8 மி.மீ. மரையைப் பிடித்திருக்க வேண்டும், அதற்குக் குறைந்தால் பிடி போதாது.

எடையையும் இங்கேயே முடித்துவிடலாம். புத்தகத்தில் மூன்று எடை இருக்கும்: பெட்டியோடு, ஸ்டாண்டோடு, ஸ்டாண்ட் இல்லாமல். நமக்கு வேண்டியது கடைசி. அடியில் சவுண்ட்பார் தொங்கவிடப் போகிறீர்கள் என்றால் அதையும் கூட்டுங்கள்.

சுவர் எதனால் ஆனது

ட்ரில் செய்யும் இடத்துக்கு நேர் மேலோ கீழோ பக்கவாட்டிலோ சுவிட்ச் போர்டு, பிளக் பாயிண்ட், குழாய் இருந்தால் அந்தக் கோட்டைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளே போகும் வயரும் பைப்பும் பெரும்பாலும் அந்த நேர்கோட்டில்தான் ஓடும். சந்தேகம் இருந்தால் மின்சாரத்தை மெயினில் அணைத்துவிட்டு, பேட்டரி ட்ரில் வைத்து வேலை செய்யுங்கள்.

பிறகு தகடு மறைக்கப்போகும் இடத்துக்குள் 6 மி.மீ. பிட்டில் ஒரு சோதனைத் துளை போடுங்கள். கீழே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவைத்தால் தூள் அதில் விழும். முதலில் வெளிறிய சாம்பல் தூள் வரும், அது பூச்சு. பிறகு சிவப்புத் தூள் வந்து ட்ரில் ஒரே சீராக இறங்கினால் செங்கல். சாம்பல் தூளே தொடர்ந்து, ஹேமர் இல்லாமல் இறங்க மறுத்தால் கான்கிரீட். வெள்ளை மாவு போலக் கொட்டிக்கொண்டு வெண்ணெயில் இறங்குவது போல் போனால் ஏஏசி எனப்படும் லேசான பிளாக். இரண்டு, மூன்று செ.மீ. போனதும் பிட் திடீரென்று தொபுக்கென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக், அல்லது பின்னால் வெற்றிடம் உள்ள போர்டு.

செங்கல்லும் கான்கிரீட்டும் சுழல் மவுண்டைத் தாங்கும். ஹாலோ பிளாக்கில் ஃபிக்ஸட், டில்ட் வரை போகலாம், அதுவும் வெற்றிடத்துக்குள் போய் முடிச்சுப் போல் மடங்கிக்கொள்ளும் வகை நைலான் பிளக்கோடு. சுழல் மவுண்டைத்தான் மாட்ட வேண்டுமென்றால் வலைக்குழாய் வைத்து, பசையால் இறுகவைக்கும் கெமிக்கல் ஆங்கர் தேவை. ஏஏசி-க்கும் அதற்கென்றே செய்த ஆங்கர் உண்டு, சாதாரண பிளக் அதில் மாவைத்தான் பிடிக்கும். ஜிப்சம் போர்டு என்றால் பின்னாலுள்ள இரும்பு அல்லது மரச் சட்டத்தில் ஸ்க்ரூ இறங்க வேண்டும். வெறும் போர்டில் சுழல் மவுண்ட் எந்த பிளக் போட்டாலும் கூடாது. ஆங்கர் பாக்கெட்டில் எந்தச் சுவருக்கு எத்தனை கிலோ என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். உங்கள் சுவருக்கான எண், நாம் கணக்கிட்ட இழுவையில் ஓர் ஆங்கருக்கு வரும் பங்கைவிட நன்றாக மேலே இருக்க வேண்டும். எங்கள் கணக்கில் மேலே இரண்டு ஆங்கர், குழந்தை தொங்குவதையும் சேர்த்து 70 கிலோ, ஆக ஒன்றுக்கு 35.

பூச்சு கணக்கில் வராது

மச்சான் வீட்டுச் சுவர் நல்ல செங்கல்தான். தப்பு எங்கே என்றால், கழன்றுவந்த பிளக்கைப் பார்த்ததும் தெரிந்தது. 50 மி.மீ. பிளக்கின் முன்பாதி முழுக்கச் சிமெண்டுத் தூள், பின்நுனியில் மட்டும் சிவப்பு. அந்த இடத்தில் பூச்சின் கனம் 25 மி.மீ. பிளக்கில் பாதி பூச்சுக்குள்ளேயே இருந்திருக்கிறது. இழுவை வந்தால் பூச்சு நொறுங்கும், பிடிப்பதெல்லாம் செங்கல்தான்.

எனவே புதிதாக மாட்டும்போது சோதனைத் துளையில் சிவப்புத் தூள் தொடங்கிய ஆழத்தைக் குறித்துக்கொண்டோம். துளையின் ஆழம் பூச்சு 25, பிளக் 50, தூள் தங்க 10, மொத்தம் 85 மி.மீ. அந்த அளவில் ட்ரில் பிட்டில் டேப் சுற்றி, 10 மி.மீ. பிளக்குக்கு 10 மி.மீ. பிட்டிலேயே துளையிட்டோம். செங்கல்லில் தொடங்கும்போது ஹேமரை அணைத்து வையுங்கள், துளை வாய் அகலாமல் இருக்கும். பிட் செங்கல் நடுவே இறங்காமல் இரண்டு செங்கலுக்கு நடுவேயுள்ள கலவையில் இறங்கினால், தூள் சிவப்பாக மாறாது, கையிலும் தளர்வாகத் தெரியும். அப்போது தகட்டின் நீள்துளையில் நாலைந்து செ.மீ. தள்ளி வேறு இடம் பாருங்கள். அரைச் செங்கல் கனமுள்ள தடுப்புச் சுவரில், 10, 11 செ.மீ.தான் மொத்தக் கனம் என்பதால் இந்த ஆழத்தை மிக மெதுவாகப் போட வேண்டும். வேகமாகத் தள்ளினால் அடுத்த அறையின் பூச்சு பெயர்ந்து விழும்.

துளையிலுள்ள தூளை ஊதியோ, பம்ப் வைத்தோ முழுக்க வெளியேற்றுங்கள். பிறகு பிளக்கை வாய் வரை தட்டிவிட்டு நிறுத்தாமல், ஓர் ஆணியால் பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் தள்ளுங்கள். மவுண்டோடு வந்த 60 மி.மீ. ஸ்க்ரூ இப்போது போதாது. தகடு 3, பூச்சு 25, பிளக் 50, கூட்டினால் 78, ஆகவே 8 மி.மீ. கனத்தில் 80 மி.மீ. ஸ்க்ரூ வாங்கினோம். ஸ்பேனரில் கடைசிச் சுற்றுகள் கனத்துக்கொண்டே வர வேண்டும். கனக்காமல் சும்மா சுற்றினால் அந்தத் துளை போய்விட்டது. தீக்குச்சி வைத்து அடைக்காதீர்கள், இடத்தை மாற்றுங்கள்.

உயரத்தையும் துளை போடும் முன் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வெசா துளைகள் டிவியின் நடுவில் இருக்கும் என்று நினைத்து மாட்டுவதால்தான் பல டிவிகள் கூரையைப் பார்த்து ஏறி நிற்கின்றன. எங்கள் டிவி 70 செ.மீ. உயரம், நடு 35-ல். வெசா மையமோ அடியிலிருந்து 30 செ.மீ.தான். கண்மட்டம் 105 என்பதால் டிவி அடி 70-ல் வர வேண்டும், ஆகவே வெசா மையம் சுவரில் 100 செ.மீ. உயரத்தில். அந்தக் கோட்டில் தகட்டை வைத்து, ரசமட்டம் பார்த்து, நான்கு துளையையும் பென்சிலால் குறித்தோம்.

டிவிக்கு முன் தண்ணீர்க் கேன்

தகடு இறுகியதும் டிவியை மாட்டிவிடாதீர்கள். கையை முழுக்க நீட்டி, நுனியில் கெட்டியான கயிற்றில் 20 லிட்டர் தண்ணீர்க் கேனையும், கூட 4 லிட்டர் கேனையும் தொங்கவிடுங்கள், தரைக்கு ஒரு சாண் உயரத்தில். தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, ஆக 24 கிலோ, டிவியைப் போல ஒன்றரை மடங்கு. மவுண்டின் அச்சிட்ட வரம்பு அதைவிட மேலே இருக்க வேண்டும் என்பதை மட்டும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு மணிநேரம் விடுங்கள். இடமும் வலமும் மெதுவாகத் திருப்பி இன்னும் சிறிது நேரம் விடுங்கள். யாரும் அடியில் நிற்க வேண்டாம்.

பிறகு கேன்களை இறக்காமலேயே, தகட்டின் மேல்விளிம்பில் ஒரு தாளை வைத்துத் தள்ளிப் பாருங்கள். சுவரின் மேடுபள்ளத்தால் ஆரம்பத்திலேயே எங்காவது தாள் நுழையக்கூடும், அதனால் கேன் தொங்கவிடும் முன்பே ஒரு முறை பார்த்து அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருங்கள். முன்பு நுழையாத இடத்தில் இப்போது நுழைந்தால் மேல் ஆங்கர் வழுக்குகிறது. ஸ்க்ரூவை இன்னும் இறுக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும், ஆகாது. அந்த ஆங்கரை எடுத்துவிட்டு வேறு இடத்தில் போட வேண்டும்.

எங்கள் இரண்டாவது முயற்சியில் தாள் நுழையவில்லை. டிவியை இருவர் தூக்கி மாட்டி, பாதுகாப்பு ஸ்க்ரூவை இறுக்கினோம். கேபிள்களுக்கு, கை முழுக்க நீளும்போதும் இழுபடாத அளவு சுருள் விட்டோம். ஒரு மாதம் கழித்து அதே தாளை எடுத்துக்கொண்டு போய், கையை நீட்டி, அதே பென்சில் குறிகளில் மறுபடி தள்ளிப் பார்த்தேன். குறித்த இடத்தில் மட்டும் நுழைந்தது, வேறெங்கும் இல்லை.